0000 போட்டும் சேராத ஹெட்செட்: பழைய புளூடூத்துக்கும் புதுப் போனுக்கும் இடையில் நடப்பது என்ன?

கடலூரில் பழைய புளூடூத் ஹெட்செட் ஒன்றை எடுத்துக்கொண்டு மொபைல் கடைக்குப் போனால் பெரும்பாலும் கேட்கிற பதில் இதுதான்: “இது பழைய வெர்ஷன் சார். உங்க போன்ல இருக்கிறது புளூடூத் ஃபைவ். சேராது.” புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்பவரிடம் கேட்டால் பதில் நேர்மாறாக இருக்கும்: “நாலு சைபர் போடுங்க, எல்லாப் போன்லயும் வேலை செய்யும்.” இரண்டுமே முழு உண்மை இல்லை. சேருமா சேராதா என்பதை வெர்ஷன் எண்ணும் முடிவு செய்வதில்லை, நாலு சைபரும் முடிவு செய்வதில்லை. உள்ளே மூன்று கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்தால், சரிசெய்ய முடிந்ததையும் முடியாததையும் வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம்.

## வெர்ஷன் ஏன் தடை இல்லை

காதில் மாட்டும் ஒற்றை ஹெட்செட்டுகள் பரவலான காலத்தில் இருந்தவை 1.1 (2001), 1.2 (2003), 2.0 (2004) ஆகிய வெர்ஷன்கள். இன்றைய போனில் 5 என்று தொடங்கும் எண் இருக்கும். ஆனால் புதிய வெர்ஷன் வந்தபோது பழையதை யாரும் தூக்கிப் போடவில்லை. இன்றைய போனுக்குள்ளும் அன்றைய ரேடியோ முறை அப்படியே இருக்கிறது. அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அதே 79 சேனல்கள். இதைக் கிளாசிக் புளூடூத் என்பார்கள். கைக்கடிகாரம், உடல்நலப் பட்டை போன்றவற்றுக்கான குறைந்த மின்சார முறை பின்னால் வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டது. அவ்வளவுதான். பழைய கருவி எதிரே வந்தால் போன் தன் புதிய வசதிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்குத் தெரிந்த அளவில் பேசும்.

எல்லைக்கோடு என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், அது 2007-இல் வந்த 2.1 வெர்ஷன். அதற்குப் பிறகு வந்த ஹெட்செட்டுகளுக்குப் பின் நம்பர் தேவையில்லை. திரையைத் தொட்டால் தானாகச் சேர்ந்துவிடும். அதற்கு முந்தையவை பின் நம்பர் கேட்கும். ஹெட்செட்டில் எண் அழுத்தப் பட்டனும் கிடையாது, காட்டத் திரையும் கிடையாது. அதனால் தயாரிப்பாளர் ஓர் எண்ணை உள்ளேயே நிரந்தரமாகப் பதித்துவிடுவார். பெரும்பாலானவற்றில் 0000. சிலவற்றில் 1234 அல்லது 8888. அதை நாம் மாற்ற முடியாது.

## பின் நம்பர் எதற்கு?

பலரும் இதை ஏ.டி.எம். பின் போல நினைக்கிறார்கள். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் போன் அந்த நாலு எண்ணை அனுப்பும், ஹெட்செட் சரிபார்த்துத் திறக்கும் என்று. அப்படி நடப்பதில்லை.

கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் புதுச்சேரிக்கு பஸ் ஏறுகிறோம். விடும்போது ஒரு டோக்கனைக் கிழித்துப் பாதியை நம்மிடம் தருவார்கள், பாதியை வண்டியில் மாட்டுவார்கள். மாலையில் திரும்பி வந்தால் யாரும் பெயர் கேட்பதில்லை. இரண்டு பாதியும் ஒத்துப்போனால் வண்டி நம்முடையது.

புளூடூத்தில் அந்த டோக்கனுக்குப் பெயர் லிங்க் கீ. போனும் ஹெட்செட்டும் முதல்முறை சந்திக்கும்போது சேர்ந்து உருவாக்கி, ஆளுக்கொரு பிரதியாகச் சேமித்து வைத்துக்கொள்ளும் ரகசிய எண் அது. பின் நம்பரின் வேலை அந்த டோக்கனைக் கிழிக்கும் நேரத்தோடு முடிந்துவிடும். அடுத்த நாள் ஹெட்செட்டை ஆன் செய்தால் யாரும் பின் கேட்பதில்லை. டோக்கன்தான் ஒப்பிடப்படுகிறது. இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் டோக்கனைத் தொலைத்துவிட்டால், மறுபக்கம் பத்திரமாக வைத்திருப்பதால் ஒரு பயனும் இல்லை. இரண்டையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகக் கிழிக்க வேண்டியதுதான்.

## டோக்கன் உருவாகும் விதம்

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போன் ஒரு நீளமான தற்செயல் எண்ணை உருவாக்கி ஹெட்செட்டுக்கு அனுப்புகிறது. அந்த எண், புளூடூத் முகவரி, பின் நம்பர் மூன்றையும் கலந்து இரு பக்கமும் தனித்தனியே ஒரு தற்காலிகச் சாவியைக் கணக்கிடும். அந்தச் சாவியின் மறைவில்தான் லிங்க் கீ உருவாகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், பின் நம்பர் காற்றில் போவதே இல்லை. இரண்டு பக்கமும் அதை ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கின்றன என்ற நம்பிக்கையில் கணக்கு நடக்கிறது.

அதனால்தான் தவறான பின் போட்டால் அது அந்த நொடியே தெரிவதில்லை. கணக்கு கடைசி வரை ஓடும், இரு பக்கத்திலும் ஏதோ ஒரு விடை வரும். பிறகு ஒருவர் ஒரு கேள்வி எண்ணை அனுப்ப, மற்றவர் தன் லிங்க் கீயை வைத்துப் பதில் கணக்கிட்டு அனுப்பும்போதுதான் குட்டு வெளிப்படும். விடைகள் ஒத்துப்போகாது. திரையில் `Couldn't pair with … because of an incorrect PIN or passkey` என்று வரும்.

இதுவரை பார்த்ததை வைத்து மூன்று கட்டங்களையும் சொல்லிவிடலாம். முதலில் போன் ஹெட்செட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து பின் நம்பரை வைத்து லிங்க் கீ உருவாக வேண்டும். இதற்கு ஜோடி சேர்ப்பது என்று பெயர். கடைசியாக, எந்த வேலைக்காக இணைகிறோம் என்பதில் இருவரும் ஒத்துப்போக வேண்டும்.

## மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹெட்செட்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பட்டன் போன் காலத்தில் பயன்படுத்திய ஒற்றைக்காது ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு வந்தார். காது கொஞ்சம் மந்தமானதால் போனைக் காதில் வைத்துப் பேசுவது அவருக்குச் சிரமம். இந்த ஹெட்செட் அவர் காதுக்குப் பழகியது. “புது ஆண்ட்ராய்டு போன்ல பேரே வரமாட்டேங்குது தம்பி” என்றார்.

பெயர் வரவில்லை என்றால் முதல் கட்டத்திலேயே நிற்கிறது. பழைய ஹெட்செட்டை வெறுமனே ஆன் செய்தால் அது தன்னை வெளியே காட்டிக்கொள்ளாது. முன்பு ஜோடி சேர்ந்த பழைய போனை மட்டும் தேடும். அந்தப் போன் இப்போது இல்லை. புதியவருக்குத் தெரிய வேண்டுமென்றால் அதை ஜோடி சேர்க்கும் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலானவற்றில் வழி இதுதான்: முதலில் ஆஃப் செய்ய வேண்டும். ஆஃபில் இருக்கும்போதே பேசும் பட்டனை அழுத்தி, விளக்கு எரிந்த பிறகும் விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஐந்திலிருந்து பத்து நொடிக்குள் சாதாரணச் சிமிட்டல் மாறி, விளக்கு சிவப்பும் நீலமுமாக மாறி மாறி எரியும், அல்லது நீலம் அணையாமல் நிற்கும். அதுதான் அறிகுறி. நிறையப் பேர் விளக்கு எரிந்ததுமே கையை எடுத்துவிடுகிறார்கள். அது வெறும் ஆன். இந்த நிலை சில நிமிடங்கள்தான் நீடிக்கும். அதற்குள் போனில் `Pair new device` பக்கம் திறந்திருக்க வேண்டும்.

அவருடைய ஹெட்செட்டில் நீல விளக்கு நின்று எரிந்தது. பெயர் வந்தது. தொட்டோம். போன் பின் நம்பரே கேட்காமல், கொஞ்ச நேரத்தில் பின் தவறு என்று சொல்லிவிட்டது. “நான் ஒண்ணுமே போடலையே, அப்புறம் எப்படித் தப்பு?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

காரணம் இதுதான். ஹெட்செட் என்று தெரிந்தால் ஆண்ட்ராய்டு முதலில் நம்மைக் கேட்காமலே 0000 போட்டுப் பார்க்கும். நிறைய ஹெட்செட்டுக்கு அதுதான் எண் என்பதால் பல நேரம் சேர்ந்துவிடும். நமக்கு அது பின் நம்பர் கேட்காத புதுக் கருவி போலத் தோன்றும். இவருடையது பிராண்டு பெயர் இல்லாத ஹெட்செட். அதன் எண் 0000 இல்லை. முதல் முயற்சி தோற்ற பிறகுதான் பின் கேட்கும் பெட்டி வருகிறது. அதிலேயே `Usually 0000 or 1234` என்று குறிப்பும் இருக்கும். அடுத்த முயற்சியில் பெட்டி வந்தது. அவசரத்தில் அவரே மறுபடியும் நாலு சைபர் போட்டார். தோற்றது. பிறகு 1234 போட்டார். அதுவும் தோற்றது.

இந்த இடத்தில்தான் பலர் “ஹெட்செட் போச்சு” என்று முடிவு கட்டுகிறார்கள். ஆனால் புளூடூத் விதிகளில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தவறான முயற்சிக்குப் பிறகு கருவி கொஞ்ச நேரம் அதே ஆளிடம் பேச மறுக்கும். தவறு தொடரத் தொடர அந்தக் காத்திருப்பு நேரம் மடங்கு மடங்காக ஏறும். யாரும் எண்களை வரிசையாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. அந்த நேரத்துக்குள் சரியான எண்ணைப் போட்டாலும் மறுப்புதான் வரும். போன் அதைத் தனியாகப் பிரித்துச் சொல்வதில்லை.

ஹெட்செட்டை ஆஃப் செய்தோம். போனில் புளூடூத்தையும் அணைத்தோம். காப்பி குடித்துவிட்டு வந்து, மறுபடியும் பட்டனைப் பிடித்து நீல விளக்கு நிற்கும்வரை காத்திருந்து, முதல் பெட்டியிலேயே 1234 போட்டோம். சேர்ந்தது. உங்களுக்கும் இப்படி நடந்தால் கால்மணி நேரம் விட்டுவிடுங்கள். அடுத்தடுத்து அழுத்துவது நிலைமையை மோசமாக்கும்.

சில வாரம் கழித்து இன்னொரு புகார் வந்தது. லாஸ்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பேரன் அந்த ஹெட்செட்டைத் தன் போனில் இணைத்து விளையாடியிருக்கிறான். ஊர் திரும்பினால் தாத்தாவின் போனில் பெயர் இருக்கிறது, தொட்டால் இணையவில்லை. இப்போது இது பின் பிரச்சினை இல்லை. அந்தக் காலத்து ஹெட்செட்டுகளின் நினைவகம் சிறியது. சிலவற்றில் ஒரே ஒரு லிங்க் கீக்குத்தான் இடம் இருக்கும், சிலவற்றில் சில கீக்களுக்கு. பேரனின் போனுக்கான கீ உள்ளே வந்ததும் தாத்தாவின் கீ அழிந்துவிட்டது. போனிடம் ஒரு பாதி டோக்கன் இருக்கிறது, எதிரே பொருந்தும் பாதி இல்லை. போனில் அந்தப் பெயருக்குள் போய் `Forget` கொடுத்து, முதலிலிருந்து ஜோடி சேர்த்தால் போதும். ஐபோன் என்றால் பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்தைத் தொட்டு `Forget This Device`. பேரனின் போனிலும் அந்தப் பெயரை நீக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் அந்தப் போனும் சும்மா தேடிக்கொண்டிருக்கும்.

பெயரே வரவில்லை என்றால் ஜோடி சேர்க்கும் நிலையைச் சரிபார்க்க வேண்டும். பின் தவறு என்றால் எண்ணை மாற்றுவதற்கு முன் காத்திருக்க வேண்டும். நேற்று சேர்ந்தது இன்று சேரவில்லை என்றால் பழைய கீயை நீக்க வேண்டும்.

## சேர்ந்துவிட்டது, பாட்டு மட்டும் கேட்கவில்லை

ஜோடி சேர்ந்த அன்றைக்கே ஆசிரியர் கேட்டார்: “போன் பேசினா நல்லாக் கேக்குது. பாட்டு போட்டா போன்லேயே பாடுது. ஏன்?”

இது மூன்றாவது கட்டம். புளூடூத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி ஒப்பந்தம் உண்டு. அதற்குப் புரொஃபைல் என்று பெயர். போன் அழைப்புக்கு ஹெட்செட் புரொஃபைல் என்று ஆரம்ப காலத்து ஒன்றும், ஹேண்ட்ஸ்ஃப்ரீ புரொஃபைல் என்று அதைவிட விரிவான ஒன்றும் இருக்கின்றன. ஸ்டீரியோ இசைக்கு ஏ2டிபி என்று வேறொன்று. ஒற்றைக்காது ஹெட்செட்டுகள் பலவற்றில் இந்த மூன்றாவது கிடையாது. போன் பாட்டை ஏ2டிபி வழியாக மட்டுமே அனுப்பத் தெரிந்தது. எதிரே வாங்க ஆள் இல்லை என்றால் தன் ஸ்பீக்கரிலேயே பாடும்.

இதைப் போனிலேயே பார்க்கலாம். இணைந்த ஹெட்செட்டின் பெயருக்குள் போனால் `Phone calls`, `Media audio` என்று பொத்தான்கள் இருக்கும். முதலாவது மட்டும் இருந்து இரண்டாவது இல்லை என்றால் ஹெட்செட்டில் இசை வசதியே இல்லை என்று அர்த்தம். எந்த அமைப்பை மாற்றினாலும் அது வராது. மீடியா ஒலியை அழைப்பு வழியாகத் திருப்பிவிடும் செயலிகள் சில உண்டு. அதில் பாட்டு வரும், ஆனால் தொலைபேசியில் கேட்பது போலத்தான் இருக்கும். அந்தப் பழைய அழைப்பு வழியில் ஒலியை நொடிக்கு 8000 முறை அளந்தெடுத்த மாதிரிகள்தான் போகின்றன. செய்தி, சொற்பொழிவு கேட்கப் போதும். இசைக்குப் போதாது.

அழைப்பிலும் ஒரு வித்தியாசம் தெரியும். இன்றைய 4ஜி அழைப்புகள் போனைக் காதில் வைத்துக் கேட்டால் தெளிவாக இருக்கும். இதே அழைப்பு பழைய ஹெட்செட்டில் மூடிய அறைக்குள் பேசுவது போல வரும். அந்த 8000-க்கு இரண்டு மடங்கு மாதிரி எண்ணிக்கையுள்ள அகன்ற ஒலி ஹேண்ட்ஸ்ஃப்ரீ புரொஃபைலில் 2011-இல்தான் சேர்ந்தது. ஹெட்செட் பழுது என்று இதை நினைக்க வேண்டாம். வாட்ஸாப் அழைப்பும் பொதுவாக இதே வழியில்தான் வரும். ஆனால் ஹெட்செட் பட்டனை அழுத்தினால் அந்த அழைப்பு எடுக்கப்படுமா என்பது செயலியையும் போனையும் பொறுத்தது.

## சரிசெய்யவே முடியாத ஒன்று

ஜோடி சேர்ந்துவிடும். இணைகிற மாதிரி ஒரு நொடி காட்டும், உடனே அறுந்துவிடும். கீயை நீக்கித் திரும்பச் சேர்த்தாலும் அதேதான். மிகப் பழைய கருவிகளில் இதற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும்.

லிங்க் கீ உருவான பிறகு, பேச்சை மறைகுறியாக்க எவ்வளவு நீளமான சாவி என்று இருவரும் பேசி முடிவு செய்வார்கள். பழைய விதியில் அது 1 பைட்டிலிருந்து 16 பைட் வரை எதுவாகவும் இருக்கலாம். 2019-இல் ஆய்வாளர்கள் இதில் ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். நடுவில் புகுந்த ஒருவர் இரு தரப்பையும் 1 பைட்டுக்கு ஒத்துக்கொள்ள வைத்துவிட முடியும். அதன் பிறகு குறைந்தது 7 பைட் வேண்டும் என்று விதி வலுப்படுத்தப்பட்டது. போன்களுக்கும் அதற்கான அப்டேட் வந்தது. அதைவிடச் சின்னச் சாவி மட்டுமே தெரிந்த ஹெட்செட் இருந்தால் இன்றைய போன் கதவைச் சாத்திவிடும். அதே ஹெட்செட் 2015 வாக்கிலான பழைய போனில் ஒழுங்காக இணைந்தால் சந்தேகம் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். போனில் இதைத் தளர்த்த வழி கிடையாது. தளர்த்தவும் கூடாது.

ஆரம்ப காலத்து ஹெட்செட் புரொஃபைல் மட்டுமே தெரிந்த கருவிகளும் இப்படித்தான். சில போன்கள் அந்தப் புரொஃபைலை இப்போது பேசுவதில்லை. ஜோடி சேரும், ஆனால் செய்ய வேலை இருக்காது.

## எல்லோருக்கும் தெரிந்த பின், அப்போது பாதுகாப்பு?

0000 என்பது ஊரறிந்த எண். நான் மேலே சொன்ன கலவையில் ரகசியமாக இருந்தது பின் மட்டும்தான். தற்செயல் எண்ணும் முகவரியும் காற்றில் கேட்கக் கிடைப்பவை. ஜோடி சேரும் நிமிடத்தில் பக்கத்தில் ஒருவர் அந்தப் பரிமாற்றத்தைப் பதிவு செய்தால் லிங்க் கீயைக் கணக்கிட்டுவிட முடியும். எண் தெரியாவிட்டாலும் பெரிய சிரமம் இல்லை. 2005-இல் யானிவ் ஷாகெட், அவிஷாய் வூல் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர்கள் நாலு இலக்கப் பின்னை அன்றைய பென்டியம் 4 கணினியில் 0.06 நொடியில் உடைத்துக் காட்டினார்கள். 2.1 வெர்ஷனில் பின் முறையையே மாற்றியதற்குப் பின்னால் இந்தப் பலவீனம்தான் இருக்கிறது.

இதற்காக ஹெட்செட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆபத்து இருப்பது டோக்கன் கிழிக்கும் அந்த நேரத்தில். ஆகவே ஜோடி சேர்ப்பதை பஸ் ஸ்டாண்டிலோ சந்தையிலோ செய்யாமல் வீட்டில் செய்யுங்கள். சந்தையில் வாங்கும்போது விளக்கு எரிகிறதா, போனில் பெயர் வருகிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பொது இடத்தில் இருக்கும்போது போன் திடீரென்று பின் கேட்டால் போடாதீர்கள். ஏற்கெனவே ஜோடி சேர்ந்த ஹெட்செட்டுக்குப் பின் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பது இப்போது தெரியும். வங்கி விவரம், ஓ.டி.பி. போன்றவற்றை இந்த ஹெட்செட்டில் பேசாமல் இருப்பதும் நல்லது.

## கரகரப்பும் பேட்டரியும்

எல்லாம் சரியாக இணைந்த பிறகும் வீட்டுக்குள் ஒலி கரகரவென்று விட்டுவிட்டு வந்து, தெருவுக்கு வந்தால் சுத்தமாகிவிட்டால், வைஃபை ரவுட்டரைச் சந்தேகிக்கலாம். 1.2 வெர்ஷனில்தான், வைஃபை பிடித்துவைத்திருக்கும் சேனல்களைத் தவிர்த்துத் தாவும் வசதியும், தொலைந்த பேச்சுத் துணுக்கை மறுபடி அனுப்பும் வசதியும் வந்தன. 1.1 ஹெட்செட் 79 சேனலிலும் கண்மூடித்தனமாகத் தாவும். தொலைந்தது தொலைந்ததுதான். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் போனை அதற்கு மாற்றிப் பாருங்கள். ரவுட்டரை விட்டுச் சில அடி தள்ளி உட்கார்ந்தாலும் வித்தியாசம் தெரியும்.

ஜோடி சேரும் நடுவில் ஹெட்செட் தானாக அணைந்துவிட்டால் அதைப் பின் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். பல வருடம் கிடந்த லித்தியம் பேட்டரி விளக்கை எரிய வைக்கும், ஆனால் ரேடியோ வேலை செய்யத் தொடங்கியதும் மின்னழுத்தம் சரிந்துவிடும். முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு முயற்சி செய்யுங்கள். சார்ஜர் செருகியபடியே முயற்சி செய்வதில் பயனில்லாமல் போகலாம், ஏனென்றால் பல ஹெட்செட்டுகள் சார்ஜ் ஆகும்போது ரேடியோவை அணைத்துவிடும். பேட்டரி உப்பியிருந்தால், அதாவது மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால், சார்ஜே ஏற்றாதீர்கள். அது காதுக்குப் பக்கத்தில் வைக்கும் பொருள்.